சுண்ணாம்புக் கோட்டு வீடு

அந்த வீட்டுக்குள் இவள் முதலில் நுழைந்தது ஒரு கைபேசித் திரை வழியாக.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பிட்ட தட்டுகளை ஓரமாக நகர்த்திவிட்டு, சிட்டு தன் கைபேசியை மேசை நடுவில் வைத்தாள். சிட்டு, இவள் கணவரின் முதல் மனைவிக்குப் பிறந்த மகள். அம்மா இறந்தபோது நடக்கப் பழகிக்கொண்டிருந்தவளுக்கு இப்போது பதினாறு வயது. இரண்டு வருடம் முன்பு இந்த வீட்டுக்கு வாழ வந்த இவளை அவள் இதுவரை எந்த முறை சொல்லியும் அழைத்ததில்லை. "சாப்பிட்டீங்களா", "உங்க போன் அடிக்குது", "நான் கிளம்பறேங்க" என்று எல்லாமே ஒரு வாசற்படி தள்ளி நின்று பேசுகிற பேச்சுதான். மரியாதைக்குக் குறைவே இல்லை. இவளுக்கு அதுதான் குறை.

"வீட்டுக்கு ஒரு பிளான் போட்டேன்," என்றாள் சிட்டு, உப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி. "நான் போடலை. நான் சொன்னேன், கம்ப்யூட்டர் வரைஞ்சுது."

கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். எதைப் பார்த்தாலும் முதலில் கழற்றிப் பார்க்கத் தோன்றும் அவருக்கு. இதைக் கழற்ற முடியாததால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அடேங்கப்பா. மெத்தையெல்லாம் போட்டு, செடி வச்சு, தரைக்கு டைல்ஸ்கூடப் போட்டிருக்கு. இன்ஜினியரம்மா, உங்க ஆபீஸ்ல இப்படி ஒண்ணு வந்திருக்கா?"

இன்ஜினியரம்மா என்பது அவர் இவளுக்கு வைத்த கேலிப் பெயர். இவள் ஒரு கட்டடப் பொறியாளர் அலுவலகத்தில் வீட்டு வரைபடங்கள் வரைபவள். புது வீடு கட்ட வாங்கிப் போட்ட மனைக்காக இவளே மூன்று வரைபடங்கள் போட்டிருந்தாள். மூன்றும் சரியானவை. மூன்றையும் பார்த்துவிட்டு வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

சிட்டுவின் விரல் திரைமேல் ஊர்ந்தது. "இது ஹால். இது அப்பா ரூம். இது என்னோடது." பிறகு ஒரு மூலையில் நின்றது. "இது உங்களுக்கு. நீங்க உக்காந்து வரையறதுக்கு. ரெண்டு பக்கமும் சன்னல் இருக்கு பாருங்க."

இவள் குனிந்து பார்த்தாள். மேசை இருந்தது. மேசை மேல் விளக்கு இருந்தது. இரண்டு சன்னல்களும் இருந்தன. இருபது வருடமாக வரைபடங்களைப் பார்த்துப் பழகிய கண், கேட்காமலே மற்றதையும் பார்த்துவிட்டது. அந்த அறைக்குக் கதவு இல்லை.

கதவு மட்டுமா. மாடிப்படிக்கு ஏழே படிகள். ஏழாவது படி நேராகச் சுவரில் போய் முட்டியது. ஒரு குளியலறையின் கதவு திறந்தால் தொட்டி மேலேயே இடிக்கும். 'சமைலயறை' என்று எழுத்து இடம் மாறிய ஒரு பெயர். அதற்குப் பக்கத்து அறையின் பெயர் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக்களில், பார்ப்பதற்கு மட்டும் தமிழ்போல வளைந்து வளைந்து இருந்தது.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள் சிட்டு. கேட்டுவிட்டு நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். அப்படி நேராகப் பார்த்ததே இல்லை.

"ரொம்ப அழகா இருக்கு," என்றாள் இவள்.

பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

*

மறுநாள் அலுவலகத்தில் மதிய வேளை. வெயில் திரைச்சீலை வழியாக வடிந்து இறங்கி, மேசைமேல் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. இவள் அந்தப் படத்தைத் தன் கணினியில் ஏற்றினாள். ரகசியமாக ஒரு திட்டம் வைத்திருந்தாள். படத்தின்மேல் கோடு போட்டு, பிழைகளைச் சத்தமில்லாமல் திருத்தி, சிட்டுவுக்கே தெரியாமல் அதை ஒரு நிஜ வரைபடமாக்கிவிடுவது. பெண் போட்ட வீடு பெண் போட்ட வீடாகவே இருக்கும். யாரும் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அளவு வேண்டும். கணவரின் அறையில் 'பன்னிரண்டு அடி' என்று எழுதியிருந்ததால், அந்தச் சுவரையே அளவுகோலாக வைத்துப் படத்தை இழுத்துப் பொருத்தினாள். சரியாக உட்கார்ந்தது. அடுத்து சமையலறை. பத்தடி என்று எழுதியிருந்தது. அளந்தால் பதிமூன்று வந்தது. பதினெட்டடி ஹால் பதினைந்தாகச் சுருங்கியது. சரி, ஹாலை அளவுகோலாக வைப்போம் என்று மாற்றினாள். கணவரின் அறை அகன்று போனது. எதைப் பிடித்தாலும் இன்னொன்று கையிலிருந்து நழுவியது, குளத்தில் தெரிகிற முகத்தை அள்ளப் போவதுபோல.

எண்களைக் கூட்டிப் பார்த்தாள். முன்பக்கத்து மூன்று அறைகள், நடுவில் சுவர்கள், எல்லாம் சேர்த்தால் முப்பத்தேழு அடிக்குமேல் போனது. படத்தின் அடியில், அம்புக்குறி போட்டு, முப்பது என்று மிக அழகாக எழுதியிருந்தது.

இவளுக்குப் புரிந்தது. அந்த எண்கள் அளவுகள் இல்லை. சிட்டு சொன்னதைப் படமாக்கிய செயலி, செடியும் மெத்தையும் வரைந்ததுபோல அவற்றையும் வரைந்திருக்கிறது. ஆயிரமாயிரம் வரைபடப் படங்களைப் பார்த்து, வரைபடம் என்றால் ஓரத்தில் அம்புக்குறி வரும், அம்புக்குறிமேல் எண் வரும் என்று கற்றுக்கொண்டிருக்கிறது. எந்தச் சுவரையும் அது அளக்கவில்லை. சுவர் என்று அதற்கு ஒன்று இருந்தால்தானே அளக்க.

வெளிச்சுவர் ஓரிடத்தில் ஒன்பது அங்குலமாக ஆரம்பித்து, போகப் போக மெலிந்து, மூலையில் கோடாக முடிந்தது. அதைத் தொடர்ந்து விரலை ஓட்டினாள். கண் மெல்லச் செருகியது. மேசைமேல் கிடந்த வெயில் அந்த வீட்டுத் தரையாகி, இவள் ஹாலில் நடந்துகொண்டிருந்தாள். எங்கோ உள்ளே சிட்டு யாருடனோ பேசிச் சிரிக்கிற சத்தம். சத்தம் வந்த பக்கம் போனால் சன்னல். சன்னலுக்கு அப்பால் இன்னோர் அறை. அதற்கு அப்பால் இன்னொரு சன்னல். வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வந்தது. நிழலே இல்லாத வீடு. மூலை அறையில் விளக்கு எரிந்தது. சுவரைத் தடவித் தடவி அதைச் சுற்றி வந்தாள். ஒரு முழுச் சுற்று. உள்ளே போக வழி இல்லை.

"அக்கா, டீ," என்று பக்கத்து மேசைப் பெண் கோப்பையை வைத்தபோது விழித்துக்கொண்டாள்.

கடைசி வழியாக, அந்தச் செயலியிடமே கேட்டுப் பார்த்தாள். மூலை அறைக்கு ஒரு கதவு வை, மற்ற எதையும் தொடாதே என்று எழுதினாள். கொஞ்ச நேரத்தில் புதுப் படம் வந்தது. கதவு இருந்தது. ஆனால் மேசை போய்க் கட்டில் வந்திருந்தது. இரண்டு சன்னல்களில் ஒன்றைக் காணோம். படிகள் ஐந்தாகக் குறைந்திருந்தன. அது சுவரைத் திறந்து கதவு வைக்கவில்லை. இன்னொரு வீட்டைக் கனவு கண்டிருந்தது, ஏறக்குறைய அதே சாயலில்.

இதன் எடையை எந்தத் தூண் தாங்கும் என்று கேட்டால் சொல்ல அதனிடம் ஒரு தூணும் இல்லை. இவள் படத்தை மூடினாள். சிட்டுவிடம் சொல்லியே ஆக வேண்டும். நாளைக்குச் சொல்லலாம். நாளை வந்தபோது, நாளைக்குச் சொல்லலாம் என்று தோன்றியது.

*

சொல்வதற்குள் கணவர் முந்திக்கொண்டார். படத்தைப் பெரிதாக அச்செடுத்து மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டார்.

"தோண்டவா போறோம். மனையில சும்மா சுண்ணாம்புக் கோடு போட்டு நடந்து பாப்போம். பிள்ளை ஆசையாப் போட்டிருக்கு," என்றார் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டே. "நீ ஏன் முகத்தை இப்படி வச்சிருக்க?"

"அந்தப் படத்தை வச்சுக் கட்ட முடியாதுங்க."

"சின்னச் சின்னத் தப்பு இருக்கும். நீதான் இருக்கியே திருத்த."

"திருத்தறதுக்கு அதுல எதுவும் நிக்கல. ஒரு அளவும் நிஜம் இல்ல."

"அப்ப அவகிட்டச் சொல்லிடு."

"எனக்குன்னு அவ முதல்முதலாச் செஞ்சது இது. அது சரியில்லன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க சொல்லுங்களேன்."

"நான் சொன்னா, நீங்க ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றீங்கம்பா. அவளை எனக்குத் தெரியாதா." துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டு பொம்பளைங்களுக்கு நடுவுல என்னை நிறுத்தாதீங்க. நான் மோட்டார் மட்டும்தான் பாப்பேன்."

அடுத்த ஞாயிறு காலை மனைக்குப் போனபோது மூடுபனி இறங்கியிருந்தது. பக்கத்து வீடுகள் கரைந்து, மனை மட்டும் தனியாக மிதந்தது. மேஸ்திரி வயதுக்கு மீறிய சுறுசுறுப்பும் வாய் ஓயாத பேச்சும் உள்ள மனிதர். முளைகள் அடித்து, நூல் கட்டி, முன்பே வேலையைத் தொடங்கியிருந்தார். சுண்ணாம்புத் தூள் அவர் கைவிரல் இடுக்கு வழியாக நூலோடு ஒழுகி விழ, ஈர மண்ணில் வெள்ளைக் கோடுகள் முளைத்தன. ஒரு வீடு தரையிலிருந்து எழுந்திருக்க மனமில்லாமல் படுத்துக் கிடப்பதுபோல இருந்தது.

சிட்டு வாசல் இருக்க வேண்டிய இடைவெளி வழியாக உள்ளே போனாள். கோட்டைத் தாண்டிக் குதித்திருக்கலாம். யாரும் அப்படிச் செய்வதில்லை. கணவரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு அதே இடைவெளி வழியாகத்தான் போனார்.

"வெறும் மண்ணுப்பா. செருப்பப் போட்டுக்கோ," என்றாள் சிட்டு.

"நம்ம ஹாலு," என்றார் அவர்.

சிட்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் இவள் நின்றுவிட்டாள். இப்போது சொல்ல முடியாது. இன்னும் கொஞ்சம் போகட்டும்.

மேஸ்திரி காகிதத்தைப் பார்த்து எண்களைச் சொல்லிச் சொல்லி வலப்பக்கம் நகர்ந்தார். ஹாலுக்கு அடுத்து ஓர் அறை, அதற்கு அடுத்து சிட்டுவின் அறை. கணவர் டேப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்து, பனிக்குள் பாதி மறைந்தார்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு போகணும்?" என்று அவர் குரல் வந்தது.

"இன்னும் ஏழெட்டு அடி இருக்கு. எங்க நிக்கறீங்க?"

"வேலிகிட்ட இருக்கேன். இதுக்கு மேல போனா பக்கத்து வீட்டுக்காரர் துணி காயற கொடி."

மேஸ்திரி காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பினார். "அப்ப பாப்பாவோட கட்டில்ல பாதி அவர் வீட்டுல. வாடகை கேட்டா என்ன பண்றது?" என்று சிரித்தார். "சரி, அது கிடக்கட்டும். இந்தாங்க, இந்த மூலை ரூமு. அதுல சுத்திச் சுத்திப் பாத்துட்டேன். உள்ள போறதுக்கு வழி எங்க? சன்னல் வழியா ஏறிக் குதிக்கறதா? யாரு தங்கறாங்க இதுல, பூனையா?"

"அண்ணே, கொஞ்சம் பேசாம இருங்க," என்றாள் இவள். குரல் தன்னையும் மீறிக் கடினமாக வந்தது. மேஸ்திரி சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தார்.

சிட்டு காகிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினாள். மூலை அறையை விரலால் சுற்றி வந்தாள். பிறகு தரையில் இருந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்த்தாள். நாலு பக்கமும் மூடிய கட்டம். அதன் ஓரத்தில் போய் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

"இதை முன்னாடியே பாத்தீங்கல்ல," என்றாள்.

இவள் தலையசைத்தாள்.

"எப்ப?"

"நீ காட்டின அன்னைக்கே."

"அளவெல்லாம் தப்புன்னும் தெரியுமா?"

"மறுநாள் ஆபீஸ்ல போட்டுப் பாத்தேன். அது உன் தப்பு இல்லம்மா. அது வீடு வரையல, வீட்டோட படம் மாதிரி ஒண்ணை வரைஞ்சிருக்கு. அதுக்கு அடியும் தெரியாது, அங்குலமும் தெரியாது. நம்பர்னா எப்படி இருக்கும்னு மட்டும்..."

"அப்பா ஒரு ஸ்க்ரூவைத் தப்பா மாட்டினாக்கூட உடனே சொல்றீங்க. சிலிண்டர் போட வர்றவர்கிட்டச் சொல்றீங்க. இப்ப இந்த மேஸ்திரிகிட்ட எப்படிப் பேசினீங்க. என்கிட்ட மட்டும் 'ரொம்ப அழகா இருக்கு.' நான் என்ன, விருந்தாளியா?"

பனி மெதுவாக விலகியது. வேலி ஓரத்தில் கணவர் டேப்பைப் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தார், வரவா வேண்டாமா என்று தெரியாமல்.

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..." என்று தொடங்கினாள் இவள்.

"அந்த ரூமுக்குக் கதவு இல்லன்னு பாத்துட்டு ஒரு வாரமாச் சும்மா இருந்திருக்கீங்க." சிட்டுவின் குரல் உடைந்தது. "என்ன நினைச்சிருப்பீங்க என்னைப் பத்தி? வேணும்னே வைக்காம விட்டுட்டேன்னா? நான் வேணும்னு விட்டேன்னு நினைச்சியா நீ? உன் ரூமை நான் அப்படிச் செய்வேனா? சொல்லு. நீ ஏன் கேக்கல?"

மேஸ்திரி சட்டென்று எதையோ தேடுவதுபோல முளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இவளுக்குக் காதில் விழுந்தது கேள்வி இல்லை. அந்த 'நீ'. ஊரில் எந்தப் பிள்ளையும் தன் அம்மாவிடம் பேசுகிற சாதாரணச் சொல். சண்டையின் நடுவில், பேசியவளுக்கே தெரியாமல், மரியாதையைத் தட்டிவிட்டு வந்து விழுந்த சொல். கண் கரித்தது. சுண்ணாம்பு என்று நினைத்துக்கொள்ளட்டும்.

"கொஞ்சம் நினைச்சேன்," என்றாள் உண்மையாக. "மெஷின் செஞ்ச தப்புன்னு புத்திக்குத் தெரியும். மனசு கேக்கல. கேட்டா, ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்."

"லூசா நீ," என்றாள் சிட்டு. சொன்ன பிறகுதான் தன் வாயில் வந்தது அவளுக்கே கேட்டிருக்க வேண்டும். முகம் சிவந்தது. ஆனால் திருத்திக்கொள்ளவில்லை.

இவள் சிட்டுவின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். பிறகு இவள் கேட்டாள்: "அதுகிட்ட நீ என்னன்னு சொன்ன? நீ எழுதினது இருக்கா?"

"எதுக்கு? அதுதான் எல்லாத்தையும் தப்பாப் போட்டிருக்கே."

"அது போட்டது வேண்டாம். நீ சொன்னது வேணும்."

சிட்டு தயங்கினாள். கைபேசியை எடுத்து, மேலே மேலே தள்ளி, வெட்கத்தோடு வாசித்தாள். மெதுவாக, பாதி வார்த்தைகளை விழுங்கி. சமையலறையில் காலையில் வெயில் வர வேண்டும். அப்பா குறட்டை விட்டால் என் அறைக்குக் கேட்கக் கூடாது. வரைகிறவர் அறையில் இரண்டு சன்னல்கள், ஏனென்றால் இப்போது அவர் படுக்கையில் உட்கார்ந்து மடியில் வைத்து வரைகிறார், முதுகு வலி என்று யாரிடமும் சொல்வதில்லை. அந்த அறையில் விளக்கு எரிவது ஹாலிலிருந்து தெரிய வேண்டும்.

"அது எதுக்கு?" என்றாள் இவள். "விளக்கு தெரியறது?"

"வீட்ல ஆள் இருக்காங்கன்னு தெரியும்ல," என்றாள் சிட்டு, கைபேசியைப் பார்த்தபடியே.

வேலி ஓரத்திலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "டேப்பை விடலாமா? கை மரத்துப் போச்சு. இங்க ஒரு அம்மா துணி எடுக்க வந்து, என்னையே முறைச்சுப் பாக்கறாங்க."

"விடுங்க," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

மேஸ்திரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார். "அழிச்சிடவா?"

"அழிங்க அண்ணே. நாங்க சரியாப் போட்டுக் கொண்டு வரோம். அப்புறம் கொஞ்சம் முன்னாடி உங்க மேல கோவப்பட்டுட்டேன்."

"விடுங்கம்மா. பூனைன்னு சொன்னது தப்புதான்," என்று அவர் குனிந்து பெருக்கத் தொடங்கினார். வெள்ளைக் கோடுகள் தூளாகி மிச்சமிருந்த பனியோடு கலந்து எழுந்தன. ஹால் போயிற்று. சமையலறை போயிற்று. சிட்டு மூலை அறையின் கோட்டைத் தானே காலால் தேய்த்து அழித்தாள்.

*

மாலையில் சாப்பாட்டு மேசைமேல் கட்டம் போட்ட பெரிய தாள் விரிந்திருந்தது. முதலில் மனையின் நாலு எல்லை. அதற்குள் விதிப்படி விட வேண்டிய காலி இடம். அதற்குள் தூண்கள் நிற்கும் புள்ளிகள். மிச்சம் இருந்தது சிட்டு நினைத்ததைவிட மிகச் சிறிய வீடு.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான். சுவருக்கும் இடம் வேணும்ல. அந்தப் படத்துல யாரும் சுவருக்கு இடம் விடல."

சமையலறை கிழக்கே போனது. கணவரின் குறட்டை மேற்கு மூலைக்கு நாடு கடத்தப்பட்டது. அவர் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, ஆதரவு கிடைக்காமல், டீ போட எழுந்து போனார்.

சிட்டு பென்சிலை வாங்கித் தன் அறைக்கு வெளியே அரை வட்டமாக ஒன்று வரைந்தாள். "இங்க ஒரு பால்கனி."

"முடியாது," என்றாள் இவள்.

சொல்லிவிட்டு ஒரு கணம் மூச்சை நிறுத்திக்கொண்டாள். இரண்டு வருடத்தில் இந்தப் பெண்ணிடம் இவள் சொன்ன முதல் முடியாது.

சிட்டு நாற்காலியை இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். முழங்கை இவள் முழங்கைமேல் இடித்தது. எடுக்கவில்லை.

"ஏன் முடியாது? சொல்லு. அது நீட்டிக்கிட்டு நின்னா விழுந்துடுமா?"

"இவ்வளவு நீட்டினா, ஆமா."

"எவ்வளவு நீட்டினா விழாது?"

இவள் அளவுகோலை எடுத்தாள். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிகிற வாசனை வந்தது. கணவர் கதவோரம் நின்று, இவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டு, பாலை மறந்தே போயிருந்தார்.